படிக்கட்டு, பால்கனி ரெயிலிங்: நீளத்தைச் சரிவில் அளங்கள், கம்பியைக் கிடைமட்டத்தில் எண்ணுங்கள்

கேள்வி: "சுங்கை சிப்புட்டில் இரட்டை மாடி வீடு. படிக்கட்டின் திறந்த பக்கத்துக்கும் மேல் பால்கனிக்கும் இரும்பு ரெயிலிங் போட வேண்டும். ரெயிலிங் வரும் நீளம் 12 படி. ஒரு படியின் மிதி 255 மி.மீ., உயரம் 175 மி.மீ. பால்கனி முன்பக்கம் 3600, ஒரு பக்கவாட்டு 1200. நிற்கும் கம்பி முக்கால் அங்குலச் சதுர ஹாலோ குழாய். ஒரு பட்டறைக்காரர் படிக்கு 22 கம்பி, பால்கனிக்கு 34 என்கிறார். இன்னொருவர் 32, 41 என்கிறார். பேத்திக்கு இரண்டு வயது. யார் சொல்வது சரி, நானே எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது?"

நீங்கள் கொடுத்த அளவுகளுக்கு என் கணக்கில் படிக்கு 24 கம்பி, பால்கனிக்கு 38 கம்பி வருகிறது. இருவருடைய எண்ணும் இதில் பொருந்தவில்லை. ஆனால் இருவருமே ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் வழி மாறினார்கள் என்பது எண்களிலேயே தெரிகிறது. நானும் தோட்டத்து வீட்டில் பிறந்து, இதே ஊர்ப் பக்கம் முப்பது ஆண்டுகளாக கிரில், கேட், ரெயிலிங் வேலை செய்கிறவன். தோட்டத்துப் பலகை வீடுகளில் இருந்து தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களுக்குப் படிக்கட்டு புதிது. ரெயிலிங் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் முறையாகக் கேட்கிறவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடைவெளி. இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதை நான் எல்லையாக வைத்திருக்கிறேன். பிரிட்டனின் கட்டட விதிகள், சிறு குழந்தைகள் இருக்கக்கூடிய வீட்டில், 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டை ரெயிலிங்கின் எந்தத் திறப்பிலும் நுழையக் கூடாது என்கின்றன. காரணம் நேரானது. குழந்தை எப்போதும் தலையை முதலில் விடுவதில்லை. காலை விட்டு, உடம்பை நுழைத்து, கடைசியில் தலை மாட்டிக்கொண்டு தொங்கும். உடம்பே நுழைய முடியாத அளவுதான் காப்பாற்றும். அமெரிக்க வீட்டு விதிகளில் பால்கனிக்கு நான்கு அங்குலம், அதாவது சுமார் 102 மி.மீ.; படிக்கட்டின் திறந்த பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தி நான்கு அங்குலமும் எட்டில் மூன்று பங்கும், சுமார் 111 மி.மீ. வரை விடுகிறார்கள். இந்த 111 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பட்டறைக்காரரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இனிக் கணக்கின் அடிப்படை. இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் எத்தனை கம்பி நிற்கிறதோ, அதைவிட இடைவெளி ஒன்று கூடுதலாக இருக்கும். ஒரு கம்பி நின்றால் இரண்டு இடைவெளி, இரண்டு நின்றால் மூன்று. இதை மறந்துவிட்டு நீளத்தை நேராக வகுப்பதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன. கட்டத்தின் வெற்றிடம் L, கம்பியின் தடிமன் b, இடைவெளி g, கம்பி எண்ணிக்கை n என்றால் இரண்டே வரி போதும்.

```
n = ROUNDUP((L - 100) / (100 + b))
g = (L - n*b) / (n + 1)
```

முதல் வரியில் வரும் விடை 11.1 என்றாலும் 11.9 என்றாலும் மேலே ஏற்றி 12 என்றே எடுக்க வேண்டும். கீழே இறக்கினால் இடைவெளி 100-ஐத் தாண்டிவிடும். இரண்டாவது வரி, அந்த எண்ணிக்கையை வைத்து உண்மையில் கிடைக்கும் இடைவெளியைச் சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். "எத்தனை கம்பி" என்பது விலைக்கு உதவும். "எவ்வளவு இடைவெளி" என்பதுதான் பேத்திக்கு உதவும்.

படிக்கட்டில் L எது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ரெயிலிங் சரிந்து ஏறுகிறது; கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. செங்குத்தாக நிற்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு பந்து நுழையுமா என்பதை முடிவு செய்வது அவற்றுக்கு இடையே உள்ள கிடைமட்டத் தூரம் மட்டுமே. சட்டம் எவ்வளவு சரிந்திருந்தாலும் அது மாறாது. ஆகவே கம்பியை எண்ணுவதற்குக் கிடைமட்ட நீளம் வேண்டும். கைப்பிடிக்கும் அடிச்சட்டத்துக்கும் இரும்பு வாங்குவதற்குச் சரிவு நீளம் வேண்டும். இரண்டும் இரண்டு வேறு எண்கள். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் கணக்கு தடம் புரளும்.

உங்கள் படியில் போட்டுப் பார்ப்போம். ஒரு படி முன்னால் 255 போகிறது, மேலே 175 ஏறுகிறது. 255-இன் வர்க்கத்தையும் 175-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 309.3 வரும். மிதியின் முன்விளிம்பைப் படி மூக்கு என்போம்; ஒரு படி மூக்கில் இருந்து அடுத்த படி மூக்குவரை சரிவில் உள்ள நீளம் அதுதான். 12 படிக்குச் சரிவு நீளம் 3711 மி.மீ.; கிடைமட்ட நீளம் 3060 மட்டும். 309.3-ஐ 255-ஆல் வகுத்தால் 1.213. இந்த 1.213-ஐச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டத்தில் உள்ள எந்த அளவையும் இதனால் பெருக்கினால் சரிவில் குறிக்க வேண்டிய அளவு கிடைக்கும்.

மூன்று தூண் போடுவதாக வைத்துக்கொள்கிறேன்: கீழே ஒன்று, மேலே ஒன்று, ஆறாவது படியில் ஒன்று. தூண் ஒன்றரை அங்குல ஹாலோ, 38 மி.மீ. தூணின் நடுவில் இருந்து அடுத்த தூணின் நடுவுக்குக் கிடைமட்டத்தில் ஆறு படி, 1530. ஒரு தூணின் தடிமனைக் கழித்தால் வெற்றிடம் 1492. கம்பி 19 மி.மீ. முதல் வரியில் போட்டால் 1392-ஐ 119-ஆல் வகுக்க 11.7 வருகிறது; ஆகவே 12. இரண்டாவது வரியில் 1492-இல் இருந்து 12 கம்பியின் தடிமனான 228-ஐக் கழித்து 13-ஆல் வகுத்தால் இடைவெளி 97.2. ஒரு கட்டத்துக்கு 12, இரண்டு கட்டத்துக்கு 24.

இப்போது உங்கள் இரண்டாமவரின் 32 எங்கிருந்து வந்திருக்கும் என்று பாருங்கள். சரிவு நீளம் 3711-ஐ 119-ஆல் வகுத்தால் 31.2, மேலே ஏற்றினால் 32. எண்ணிக்கைக்குச் சரிவு நீளத்தை எடுத்திருக்கிறார், தூண்களையும் கழிக்கவில்லை. கணக்கு அச்சாகப் பொருந்துவதால் இப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்படி 32 நின்றால் இடைவெளி 70 மி.மீ. ஆகும். ஆபத்து ஒன்றும் இல்லை. நெருக்கமாகத் தெரியும், வேலை கூடும், அவ்வளவுதான். முதலாமவரின் 22 ஒரு பழைய பழக்கம்: ஒவ்வொரு படிக்கும் இரண்டு கம்பி, தூண் வரும் இடத்தில் ஒன்றைக் கழித்துவிடுவது. 255-ஐ இரண்டாக்கினால் 127.5, அதில் கம்பித் தடிமன் போக இடைவெளி 108.5. அமெரிக்கர்கள் படிக்கு விடும் 111-க்குள் இது அடங்குகிறது. ஆகையால் அவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை உள்ள வீட்டில், இரண்டு கம்பி கூடுதலாகப் போட்டால் 97-க்கு வந்துவிடும் என்னும்போது 108-ஐ ஏற்க எனக்கு மனம் வராது.

வெட்டுவதற்கு முன் குறிப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கம்பியின் நடுவில் இருந்து அடுத்த கம்பியின் நடுவுக்கு 97.2-உடன் 19 சேர்த்து 116.2. தாளில் 116 என்று எழுதியிருப்பதைப் பார்த்த பையன், டேப்பைச் சரிந்த அடிச்சட்டத்தின் மேலே வைத்து 116, 116 என்று குறித்துக்கொண்டு போவான். கட்டத்தின் முடிவில் முந்நூறு மில்லிமீட்டருக்கு மேல் வெறுமையாக நிற்கும். பிறகு கூடுதலாக இரண்டு மூன்று கம்பியை அங்கே சொருகுவார்கள்; கீழே நெருக்கம், மேலே வேறு நெருக்கம் என்று கண்ணை உறுத்தும். சட்டத்தின் மேல் வைத்துக் குறிப்பதானால் 116.2-ஐ 1.213-ஆல் பெருக்கி 141 என்று குறிக்க வேண்டும். தூணின் நடுவில் இருந்து முதல் கம்பியின் நடுவுக்குக் கிடைமட்டத்தில் 125.7, சரிவில் 152.5. நான் எல்லாக் குறிகளையும் ஒரே முனையில் இருந்து தொடர்ச்சியாகக் கூட்டிக் குறிப்பேன். ஒவ்வொன்றாகத் தாவிக் குறித்தால் அரை மில்லிமீட்டர்ப் பிழைகூடப் பன்னிரண்டாவது கம்பியில் ஆறாகிவிடும்.

கம்பியின் வெட்டு நீளத்துக்கு உயரம் வேண்டும். யூ.பி.பி.எல். என்று காண்டிராக்டர்கள் சொல்லும் 1984ஆம் ஆண்டு மலேசியக் கட்டடத் துணைச் சட்டங்கள், படிக்கட்டுக் கைப்பிடி படி மூக்கில் இருந்து 825 மி.மீ.க்குக் குறையாமலும் 900 மி.மீ.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. படித்தளத்தில் 900-க்குக் குறையக் கூடாது. படியின் உயரம் 180-க்கு மேற்படாமலும் மிதி 255-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். உங்கள் படி அதற்குள் இருக்கிறது. குழந்தையும் இருப்பதால் மேல் எல்லையான 900-ஐ எடுத்துக்கொள்வோம். இந்த 900 படி மூக்கில் இருந்து நேர் செங்குத்தாக அளக்க வேண்டியது. சரிவுக்குச் செங்கோணமாக டேப்பைச் சாய்த்து அளந்தால் உண்மையான உயரம் தவறிவிடும்.

கைப்பிடி இரண்டுக்கு ஓர் அங்குல ஹாலோ, படுக்கை வாட்டில் 25 மி.மீ. கனம், அடிச்சட்டம் ஓர் அங்குலச் சதுரம், அதுவும் 25. சரிந்து நிற்கும்போது செங்குத்தில் இவை ஒவ்வொன்றும் 25 அல்ல, 25-ஐ 1.213-ஆல் பெருக்கிய 30.3. அடிச்சட்டத்தின் கீழ்விளிம்பு மூக்குகளை இணைக்கும் கோட்டுக்கு 40 மேலே இருந்தால், 900-இல் இருந்து 40-ஐயும் இரண்டு 30.3-ஐயும் கழிக்க, கம்பி 799 மி.மீ. இரண்டு முனையும் ஒரே கோணத்தில், சுமார் 34.5 பாகையில், ஒன்றுக்கொன்று இணையாக வெட்டப்படும். கம்பியின் எந்த விளிம்பை அளந்தாலும் 799 இருக்கும். கூர்முனையில் இருந்து எதிர்க் கூர்முனை வரை உயரத்தில் மட்டும் 13 கூடுதல். கூர்முனைக்குக் கூர்முனை 799 என்று வெட்டிவிட்டால் ஒவ்வொரு கம்பியும் 13 குட்டை. இந்தப் பிழையை ஒரு கம்பியை வெட்டி, இடத்தில் வைத்துப் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். இருபத்து நான்கையும் வெட்டிய பிறகு தெரிந்தால் இரும்பு போனது போனதுதான்.

அந்த 40 மி.மீ. பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்பவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. எனக்கோ கம்பி எண்ணிக்கையைவிட இதுதான் கவலை. அடிச்சட்டத்துக்கும் படியின் மிதிக்கும் உயரத்துக்கும் நடுவே ஒரு முக்கோணத் திறப்பு ஒவ்வொரு படியிலும் இருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். அதில் எவ்வளவு பெரிய பந்து நுழையும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: மிதியையும் உயரத்தையும் கூட்டி, சரிவு நீளத்தைக் கழித்தால் விட்டம் வந்துவிடும். 255-உடன் 175-ஐக் கூட்டி 309-ஐக் கழித்தால் 121. அதாவது அடிச்சட்டம் மூக்குகளைத் தொட்டுக்கொண்டே ஓடினாலும் 121 மி.மீ. பந்து நுழையும். 40 மேலே தூக்கினால் அது 148 ஆகிறது. அமெரிக்க விதி இந்த முக்கோணத்துக்கு மட்டும் ஆறு அங்குலம், 152 வரை ஒப்புக்கொள்கிறது; ஆகவே 40 அந்த எல்லைக்குள் நிற்கிறது. 50 தூக்கினாலே 155 ஆகி, அந்த எல்லையும் போய்விடும். துடைப்பத்தால் படியைப் பெருக்க வசதியாக இருக்கட்டும் என்று அடிச்சட்டத்தை 75, 80 என்று தூக்கி வைத்த வீடுகளை நம் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். மேலே கம்பிகள் 100-க்குள் அழகாக நிற்கும். கீழே ஒரு குழந்தை தவழ்ந்து வெளியே போகும் அளவுக்கு வழி திறந்திருக்கும்.

முக்கோணத்தையும் 100-க்குள் அடக்க வேண்டுமென்றால் ரெயிலிங்கைப் படியின் மேல் நிறுத்தாமல், படிக்கட்டுக் கான்கிரீட்டின் பக்கவாட்டு முகத்தில் தூண்களைப் பொருத்த வேண்டும். அப்போது அடிச்சட்டம் படிக்கு வெளியே ஓடுவதால் மூக்குக் கோட்டுக்குக் கீழேயும் அதை இறக்கலாம். 35 மி.மீ. இறக்கினால் முக்கோணத்தில் நுழையும் பந்து 97 ஆகச் சுருங்கும். கம்பி நீளம் 799-இல் இருந்து 874 ஆக வளரும், எண்ணிக்கை மாறாது. படிக்கட்டின் நடக்கும் அகலமும் குறையாமல் கிடைக்கும். என் வீடாக இருந்து, பக்கவாட்டுக் கான்கிரீட் உறுதியாக இருந்தால், இந்த வழியைத்தான் எடுப்பேன். உறுதியாக இருக்கிறதா என்பதை நேரில் துளை போட்டுப் பார்க்காமல் என்னால் சொல்ல இயலாது. செங்கல் வைத்துப் பூசிய பக்கமாக இருந்தால் ஆங்கர் போல்ட் பிடிக்காது. அங்கே படியின் மேலேயே நிறுத்துவதுதான் சரி.

பால்கனிக்குச் சரிவு இல்லாததால் கணக்கு சுருக்கம். மூலைத் தூணில் மட்டும் கவனம் வேண்டும். முன்பக்கம் 3600-இல் சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று என மூன்று தூண். மூன்றையும் கழித்தால் 3486, ஒரு கட்டத்துக்கு 1743. கணக்கு 13.8 என்கிறது, 14 கம்பி, இடைவெளி 98.5. முன்பக்கத்துக்கு 28. பக்கவாட்டு 1200 என்பதை மூலைத் தூணின் முகத்தில் இருந்து சுவர்வரை என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வெளி மூலையில் இருந்து அளந்திருந்தால் 38-ஐக் கழித்துவிட்டு மீண்டும் போடுங்கள். மூலைத் தூண் முன்பக்கத்திலேயே எண்ணப்பட்டுவிட்டதால் இங்கே சுவரோரத் தூண் ஒன்று மட்டும். வெற்றிடம் 1162, கணக்கு 8.92 என்கிறது, 9 கம்பி, இடைவெளி 99.1.

இந்த 99.1-ஐ நான் ஏற்கவில்லை. அதனால்தான் 37 என்று சொல்லாமல் 38 என்றேன். தாளில் 100-க்குள் இருக்கிறது, இரும்பில் இருக்காது. வெல்டிங் சூட்டில் கம்பி ஒரு மில்லிமீட்டர் அசைவது எல்லா வேலையிலும் நடப்பது. சுவர் பூச்சும் நூல் பிடித்த மாதிரி இருக்காது. இந்தக் கட்டத்தில் 10 கம்பி போட்டால் இடைவெளி 88 ஆகிறது. பக்கத்தில் உள்ள முன்பக்கத்தின் 98-உடன் வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 98.5-க்கும் 97.2-க்கும், அதே அளவில் வெட்டிய மரக்கட்டையைக் கம்பிகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு வெல்டிங் செய்யும் ஆள் என்றால் போதும். கண்ணளவில் வைத்து ஒட்டுகிற ஆளாக இருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றைக் கூட்டிவிடுங்கள். இது சூத்திரம் சொல்வதல்ல, என் அனுபவம் சொல்வது. வேறு ஒருவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

முதலாமவரின் 34, ஐந்து அங்குலத்துக்கு ஒரு கம்பி என்ற கணக்கு: முன்பக்கத்தில் 13, 13, பக்கத்தில் 8. இடைவெளி முன்பக்கம் 107, பக்கம் 112. படிக்குச் சொன்ன அந்தத் தளர்வு, நான் மேலே சொன்ன இரண்டு நாட்டு விதிகளிலும் பால்கனிக்குக் கிடையாது. மாடியில் இருந்து விழும் இடம் என்பதால் இதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாமவரின் 41, 4800-ஐ 119-ஆல் வகுத்தது. தூண்களைக் கழிக்காததால் மூன்று நான்கு கூடிவிட்டது.

பால்கனியின் உயரத்துக்கு நான் 1100 வைப்பேன். பிரிட்டனில் பால்கனிக்கு அதுதான் அளவு. உங்கள் நகராண்மைக் கழகத்தில் வரைபடம் ஒப்புதல் பெற்றிருந்தால் அதில் எழுதியுள்ள உயரத்தைப் பாருங்கள். அது 1100-ஐவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே செல்லும். உங்கள் பால்கனி ஓரத்தில் மழைநீர் வழியாமல் இருக்கக் கான்கிரீட் திட்டு கட்டியிருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால், உயரத்தைத் தரையில் இருந்து அளக்காமல் அந்தத் திட்டின் மேல் இருந்து அளங்கள். குழந்தை அதில் ஏறி நின்றுதான் எட்டிப் பார்க்கும். திட்டு இல்லை என்ற கணக்கில் அடிச்சட்டத்தைத் தரையில் இருந்து 80 தூக்கினால், 1100-இல் இருந்து 80-ஐயும் இரண்டு சட்டங்களின் 50-ஐயும் கழித்துக் கம்பி 970. இங்கே முனைகள் நேராக வெட்டப்படும்.

கடையில் வாங்க வேண்டியது இது. ஹாலோ 6 மீட்டர் நீளமாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர் கழிந்தால், 799 நீளக் கம்பி ஒரு நீளத்தில் ஏழு கிடைக்கும். 970 நீளக் கம்பி ஆறு கிடைக்கும். படிக்கு மூன்று நீளத்தில் 21. நான்காவதில் மீதி 3-ஐ வெட்டிவிட்டு, அதே நீளத்தில் பால்கனிக்கு 2. பால்கனியின் மற்ற 36-க்கு ஆறு நீளம். மொத்தம் பத்து நீளம். பக்கவாட்டில் பொருத்தி 874 ஆக்கினால் ஒரு நீளம் கூடி, பதினொன்று. கைப்பிடிக்குப் படியில் 3711-உடன் இரு முனைத் தூண்களின் பாதிகளும் சேர்ந்து 3757, பால்கனியில் 4800. இரண்டுக்கும் ஒவ்வொரு நீளம். அடிச்சட்டம் தூண்களுக்கு நடுவே மட்டும் என்பதால் படியில் 1809 வீதம் இரண்டு துண்டு, பால்கனியில் 1743 வீதம் இரண்டும் 1162 ஒன்றும். அதற்கும் இரண்டு நீளம். தூண் ஏழு, இரண்டு நீளம். படித் தூண்களின் உயரத்தை மட்டும் தாளில் தீர்மானிக்க வேண்டாம். மூக்கின் மேல் நிற்கும் தூணைவிட, மிதியின் நடுவில் நிற்கும் தூண் 87 மி.மீ. உயரமாக இருக்க வேண்டும். எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைப் பார்த்து அங்கேயே வெட்டட்டும்.

அந்த இரண்டு பட்டறைக்காரர்களின் கணக்குக்கும் நடுவே 17 கம்பி வித்தியாசம். அது இரும்பில் சுமார் மூன்று நீளம்தான். 34 இடத்தில் வெல்டிங் கூடுதல், அரைப்பதும் சாயம் பூசுவதும் கூடுதல். விலையில் இதைவிடப் பெரிய இடைவெளி தெரிந்தால், காரணம் எண்ணிக்கை அல்ல, ஹாலோவின் தகட்டுக் கனம். அதை இருவரிடமும் கேளுங்கள். மெல்லிய தகட்டுக் கம்பியைக் கையால் அழுத்தினாலே வளையும். அப்போது தாளில் 97 என்று இருந்த இடைவெளி, குழந்தை தள்ளும்போது 97 ஆக இருக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: தரை ஓடு பதித்துவிட்டீர்களா? நான் தனியாக வேலை தொடங்கிய ஆண்டில் ஒரு வீட்டில், ஓடு பதிக்காத வெறும் கான்கிரீட் படியில் அளவெடுத்து, ரெயிலிங்கைப் பட்டறையில் முழுதாகச் செய்து கொண்டு போனேன். அதற்குள் படிகளுக்கு மேல் கலவையும் ஓடுமாக 40 மி.மீ. ஏறியிருந்தது, மேல் தளத்தில் அவ்வளவு ஏறவில்லை. 40 தூக்கி வைத்திருந்த அடிச்சட்டம் மூக்கை உரசியது, கைப்பிடி 860-க்கு இறங்கியது, மேல் தூண் மட்டும் தன் உயரத்தில் நின்றது. முழுவதையும் அறுத்துத் திரும்பச் செய்தேன், செலவு என்னுடையது. ஓடு இன்னும் பதிக்கவில்லை என்றால் இங்கே எழுதிய எண்களை விலை பேச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வெட்டுவதற்கு வேண்டாம்.

ஓடு பதித்தபின் ஒரு நூலை முதல் படி மூக்கில் இருந்து 12 படி ஏறியபின் வரும் பதின்மூன்றாவது மூக்குவரை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். நடுவில் உள்ள மூக்குகள் நூலுக்கு மேலேயோ கீழேயோ எவ்வளவு விலகுகின்றன என்று தெரியும். கான்கிரீட் படிகளில் ஐந்து பத்து மில்லிமீட்டர் விலகல் வழக்கம்; அடிச்சட்டத்தின் 40-ஐ மிக உயர்ந்த மூக்கில் இருந்து எடுத்துக்கொண்டால் போதும். அதே நூலை டேப்பால் அளங்கள். 12 படிக்கு 3711-ஐ ஒட்டி வர வேண்டும். பத்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் 255, 175 என்ற அளவுகளில் ஒன்று பிழை. அப்போது மொத்தக் கிடைமட்ட நீளத்தையும் மொத்த ஏற்றத்தையும் தனித்தனியே அளந்து, 12-ஆல் வகுத்து, மேலே உள்ள கணக்கை அந்த எண்களோடு போடுங்கள்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன், ஒரு மரக்கட்டையைச் சரியாக 100 மி.மீ. அகலத்துக்கு அறுத்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடைவெளியிலும் கிடைமட்டமாக வைத்துத் தள்ளிப் பாருங்கள். தூணை ஒட்டிய முதல் இடைவெளியையும் சுவரை ஒட்டிய கடைசி இடைவெளியையும் விட்டுவிடாதீர்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒதுங்கும். கட்டை எந்த இடத்தில் நுழைகிறதோ அந்த இடத்தில் சாக்கட்டியால் குறி போடுங்கள், அந்தக் கட்டத்தை அவர் திருத்தித் தரட்டும்.